போக 10, வர 20: சராசரி 15 அல்ல!

தோட்டத்திலிருந்து வெளி வேலைக்குப் போகிறவர்களில் பலர் ஒரே காரில் சேர்ந்து போய் வருகிறார்கள். கார் ஒருவருடையது, கூடப் போகிறவர்கள் மூன்று பேர். எண்ணெய்ச் செலவை நாலாகப் பங்கிட்டுக் கொள்வது என்று முதலிலேயே பேசி வைத்துக் கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் சில இடங்களில் மாதக் கடைசியில் ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிடுகிறது.

"என்ன அண்ணே, நீங்க சொன்ன கணக்குக்கும் ஊத்தின எண்ணெய்க்கும் ஒத்து வரலையே. நடுவுல சொந்த வேலைக்கும் கார் ஓடிச்சா?" என்று கூட வருகிற ஒருவர் கேட்டுவிடுகிறார். கார்க்காரருக்குச் சுருக்கென்று தைக்கிறது. "இல்லே தம்பி, வேலைக்குப் போய் வந்ததைத் தவிர வேற எங்கேயும் எடுக்கலை" என்கிறார். கேட்டவருக்குச் சந்தேகம் தீரவில்லை; சொன்னவருக்கு மனத்தாங்கல் தீரவில்லை.

இப்படிப்பட்ட பேச்சில் இரண்டு பேருமே உண்மை பேசுகிறவர்களாக இருக்கலாம், வாசகர்களே. எண்ணெயை யாரும் திருடவில்லை. காரில் ஓட்டையும் இல்லை. ஓட்டை இருப்பது சராசரி எடுத்த விதத்தில். இரண்டு எண்ணைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி கிடைக்கும் என்று ஆரம்பப் பள்ளியில் படித்தோம் அல்லவா? அந்தப் பாடம் எண்ணெய்க் கணக்கில் சில சமயம் சரியாக வரும், சில சமயம் காலை வாரிவிடும். எப்போது சரி, எப்போது தப்பு என்று தெரிந்து கொண்டால் வீண் சண்டைக்கு இடமிருக்காது.

மலையேறும் கார்

தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்குப் போகும் பழைய பாதையை எடுத்துக் கொள்வோம். வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே குடியிருந்துகொண்டு மேலே வேலைக்குப் போகிற நாலு பேர், ஒரு சிறிய காரில் தினமும் ஏறி இறங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

காலையில் ஏறும்போது கார் ஒரு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது. மாலையில் இறங்கும்போது ஒரு லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது. கணக்குக்காக முழு எண்களாகச் சொன்னேனே தவிர, இவை உண்மைக்குத் தூரமானவை அல்ல. ஆட்களோடு சேர்த்து ஒன்றேகால் டன் எடை வரும் காரை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டுமே கூடுதலாக 2 லிட்டர் போல எரியும். இறங்கும்போது சரிவே காரை இழுத்துக்கொண்டு போவதால், அதில் ஒரு பங்கு நமக்குத் திரும்பி வரும்.

இப்போது கார்க்காரர் கணக்குப் போடுகிறார்: "போக 10, வர 20. கூட்டினால் 30. பாதி 15. ஆகவே என் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது. போய்வர 120 கிலோமீட்டர். 120-ஐ 15-ஆல் வகுத்தால் 8. ஒரு நாளைக்கு 8 லிட்டர்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியில் இருக்கும் எண்ணெய் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஏறும் 60 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 10 வீதம், 6 லிட்டர் போகிறது. இறங்கும் 60 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 20 வீதம், 3 லிட்டர் போகிறது. மொத்தம் 9 லிட்டர். கணக்கில் வந்ததோ 8. ஒரு லிட்டர் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. 15 என்ற சராசரிதான் தவறு. 120 கிலோமீட்டரை 9 லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 13.3 வருகிறது. இந்தக் காரின் உண்மையான சராசரி அதுதான்.

ஒரு லிட்டர்தானே என்று தள்ளிவிட முடியாது. லிட்டர் 2 வெள்ளி என்றும், மாதத்தில் 22 நாள் வேலை என்றும் வைத்துப் பார்ப்போம். உண்மையில் எரிந்தது 198 லிட்டர். செலவு 396 வெள்ளி. நாலு பங்காக்கினால் ஆளுக்கு 99 வெள்ளி. ஆனால் 15 என்ற கணக்குப்படி 176 லிட்டர், 352 வெள்ளி, ஆளுக்கு 88 வெள்ளி. கூட வரும் மூவரும் 88 வீதம் 264 வெள்ளி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மீதி 132 வெள்ளியும் கார்க்காரர் தலையில் விழும். அவர் கொடுக்க வேண்டியது 99. மாதத்துக்கு 33 வெள்ளி அவருக்கு நட்டம். பன்னிரண்டு மாதத்துக்கு 396 வெள்ளி. அதாவது, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு முழு மாதத்து எண்ணெயை அவர் ஒருவரே வாங்கிக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. போதாததற்குச் "சொந்த வேலைக்கு ஓட்டினீர்களா?" என்ற கேள்வி வேறு!

ஏன் இப்படி?

15 என்று சொன்னபோது, 10-க்கும் 20-க்கும் சமமான இடம் கொடுத்தோம். ஆனால் தொட்டியிலிருந்து போன லிட்டர்களை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்திப் பாருங்கள். மொத்தம் ஒன்பது லிட்டர். அதில் ஆறு லிட்டர், "நான் 10 கிலோமீட்டர்தான் இழுத்தேன்" என்று சொல்கிறது. மூன்று லிட்டர் மட்டுமே, "நான் 20 கிலோமீட்டர் இழுத்தேன்" என்று சொல்கிறது. ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம் நிற்கும்போது இரண்டு பக்கத்தையும் சமமாக மதித்து நடுவில் கோடு போடலாமா? கூடாது. சராசரி, ஆறு பேர் நிற்கும் 10-இன் பக்கமாகச் சாய்ந்துதான் நிற்க வேண்டும். அதனால்தான் 15-க்குக் கீழே இறங்கி 13.3-இல் நிற்கிறது.

தூரம் சமமாக இருக்கும்போது இந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும் என்பதையும் கவனியுங்கள். மோசமாக ஓடும் பயணமே அதிக லிட்டரைக் குடிக்கிறது. ஆகவே மோசமான எண்ணுக்கே அதிக ஆள் பலம். அதை மறந்துவிட்டுப் பாதியாக வகுத்தால், கிடைக்கும் சராசரி உண்மையைவிட நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஒரு போதும் குறைத்துக் காட்டாது. நட்டம் கார்க்காரருக்கே வருவதற்கு அதுதான் காரணம்.

அதே பயணம், வேறு அளவு

எண்ணெய்ச் செலவைச் சொல்ல இன்னொரு முறையும் உண்டு. சில கார்களின் மீட்டர் திரையில் km/L என்று இருக்கும். சிலவற்றில் L/100km என்று இருக்கும். முதலாவது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. இரண்டாவது, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர்.

நம் மலைப் பயணத்தை இந்த அளவில் எழுதுவோம். ஏறும்போது 10, இறங்கும்போது 5. கூட்டினால் 15, பாதி 7.5. அதாவது 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர். 120 கிலோமீட்டருக்கு எவ்வளவு? 7.5-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 9 லிட்டர். சரியாக வந்துவிட்டது!

அதே கார், அதே பாதை, அதே இரண்டு பயணங்கள். ஒரு அளவில் கூட்டிப் பாதியாக்கினால் தவறு. மற்ற அளவில் கூட்டிப் பாதியாக்கினால் சரி. இதில் மாயம் ஒன்றுமில்லை. இரண்டாவது அளவில் பேசுவது லிட்டர் அல்ல, கிலோமீட்டர். ஏறியது 60 கிலோமீட்டர், இறங்கியது 60 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சமமான ஆட்கள் நிற்கிறார்கள். ஆகவே நடுவில் கோடு போடுவது நியாயம்.

"க்கு" சொல்லும் ரகசியம்

இதை மனத்தில் வைத்துக்கொள்ள நம் தமிழே ஒரு நல்ல வழி காட்டுகிறது. "லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்" என்கிறோம். "100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்" என்கிறோம். "க்கு" எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். முதலாவதில் லிட்டரோடு, இரண்டாவதில் கிலோமீட்டரோடு. "க்கு" ஒட்டியிருக்கும் பொருள் இரண்டு பயணத்திலும் சமமாக இருந்தால், கூட்டிப் பாதியாக்கலாம். சமமாக இல்லாவிட்டால் கூடாது. விதி இவ்வளவுதான்.

மலைப் பயணத்தில் கிலோமீட்டர் சமம், லிட்டர் சமமில்லை. அதனால் "கிலோமீட்டருக்கு" என்ற அளவு நம்மைக் காப்பாற்றியது. "லிட்டருக்கு" என்ற அளவு கைவிட்டது.

அப்படியானால் L/100km என்பதே எப்போதும் நல்ல அளவு என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நம்மில் பலர் தொட்டியை நிரப்புவதில்லை. எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, "10 வெள்ளிக்கு ஊத்துங்க" என்றுதான் சொல்கிறோம். லிட்டர் 2 வெள்ளி என்றால் ஒவ்வொரு தடவையும் 5 லிட்டர். ஒரு 5 லிட்டர் மேட்டுப் பாதையில் 50 கிலோமீட்டர் ஓடித் தீர்ந்தது. அடுத்த 5 லிட்டர் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓடித் தீர்ந்தது. மறுபடியும் அதே 10, அதே 20.

இந்தத் தடவை மொத்தத்தைப் பாருங்கள். 150 கிலோமீட்டர், 10 லிட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர். முன்பு தவறாகப் போன அதே 15 இப்போது சரியாகிவிட்டது! காரணம், இங்கே சமமாக இருப்பது லிட்டர். மற்ற அளவுக்கு மாற்றினால் 10-உம் 5-உம், பாதி 7.5. அதை நம்பி 150 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 11.25 லிட்டர் வரும். உண்மையில் போனது 10 லிட்டர்தான். இப்போது பங்கு கேட்டால், எரியாத ஒன்றேகால் லிட்டருக்கும் சேர்த்துக் கூட வந்தவர்கள் பணம் கொடுக்க நேரிடும். முன்பு நட்டம் கார்க்காரருக்கு. இப்போது நட்டம் மற்றவர்களுக்கு.

இரண்டும் சமமில்லாதபோது

நடைமுறையில் தூரமும் சமமாக இருக்காது, லிட்டரும் சமமாக இருக்காது. அதே கார் ஒரு நாள் பட்டணத்துக்குள் நெரிசலில் 20 கிலோமீட்டர் ஓடி 2 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு 10. மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் போய்வந்து 15 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு 20. திரும்பவும் 10-உம் 20-உம்தான். சராசரி என்ன?

மொத்தம் 320 கிலோமீட்டர், 17 லிட்டர். லிட்டருக்கு 18.8 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 5.3 லிட்டர். கூட்டிப் பாதியாக்கியிருந்தால் ஒரு அளவில் 15 என்றும், மற்ற அளவில் 7.5 என்றும் வந்திருக்கும். இரண்டுமே தவறு. இருபது கிலோமீட்டர் ஓடிய சின்னப் பயணத்துக்கும், முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பெரிய பயணத்துக்கும் சரிசமமாக இடம் கொடுத்ததன் விளைவு அது.

ஆக, 10, 20 என்ற இரண்டே எண்கள் மலையில் 13.3 என்றும், பத்து வெள்ளிக் கணக்கில் 15 என்றும், கல்யாணப் பயணத்தில் 18.8 என்றும் மூன்று சராசரிகளைத் தருகின்றன. வெறும் இரண்டு எண்களை மட்டும் சொல்லி "சராசரி என்ன?" என்று யாராவது கேட்டால், "எவ்வளவு தூரம்? எத்தனை லிட்டர்?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். அது தெரியாமல் விடை சொல்ல முடியாது.

நோட்டில் எழுத வேண்டியவை இரண்டே

எந்த அளவில் பேசினாலும், எந்தப் பயணமானாலும் தவறாத வழி ஒன்று இருக்கிறது. சராசரிகளைக் கூட்டாதீர்கள், கிலோமீட்டரைத் தனியாகவும் லிட்டரைத் தனியாகவும் கூட்டுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை வகுத்துக் கொள்ளுங்கள்.

காரில் ஒரு சிறிய நோட்டு இருந்தால் போதும். முதல் நாள் தொட்டியை நிரப்புங்கள். எண்ணெய்க் குழாய் 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். அப்போது மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் மீட்டர் எண்ணையும், ரசீதில் அச்சாகியிருக்கும் லிட்டரையும் எழுதுங்கள். வெள்ளிக் கணக்கை மட்டும் எழுதி வைத்தால், விலை மாறும்போது கணக்கு குழம்பிப் போகும். லிட்டரை எழுதுவதே உத்தமம்.

ஓர் உதாரணம். மலைக்குப் போகும் கார் நிரப்பிக்கொண்டு புறப்பட்டபோது மீட்டரில் 41,200. ஒரு நாள் போய்வந்து 41,320-இல் நிரப்பியபோது 9.3 லிட்டர் பிடித்தது. மறுநாள் 41,440-இல் 8.5 லிட்டர். மூன்றாம் நாள் 41,560-இல் 9.2 லிட்டர். நாள் நாளாகப் பார்த்தால் லிட்டருக்கு 12.9, 14.1, 13.0 என்று ஏறி இறங்குகிறது. "இரண்டாம் நாள் கார் எப்படி இவ்வளவு நன்றாக ஓடியது?" என்று கேட்கத் தோன்றும்.

கார் நன்றாக ஓடியது என்று சொல்வதற்கில்லை. முதல் நாள் குழாய் நின்ற பிறகும் கொஞ்சம் கூட்டி ஊற்றியிருக்கலாம். அல்லது கார் சற்றுச் சாய்ந்து நின்றிருக்கலாம். கூடுதலாக உள்ளே போன எண்ணெய் மறுநாள் ஓட்டத்துக்கு உதவியது. ஆகவே மறுநாள் குறைவாகப் பிடித்தது. ஒரு நாள் கூடியதை அடுத்த நாள் கழித்துக் கொள்கிறது. மொத்தமாகக் கூட்டினால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். மீட்டரில் ஓடியது 360 கிலோமீட்டர்; ஊற்றியது 27 லிட்டர்; சராசரி 13.3. நடுவில் எத்தனை தடவை முன்பின்னாக நிரப்பியிருந்தாலும் கவலையில்லை. முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டும் ஒரே நிலையில், முடிந்தால் ஒரே நிலையத்தில், இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதக் கணக்கு ஒரு நாள் கணக்கைவிட நம்பகமாக இருப்பது இதனால்தான்.

காரின் திரையிலேயே சராசரி காட்டும் வசதி இருந்தால், அதுவும் மொத்தத் தூரத்தையும் மொத்த எண்ணெயையும் வைத்துத்தான் சொல்லும். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அதை அழித்துவிட்டு, தினமும் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு, மாதக் கடைசியில் அந்த எண்களைக் கூட்டி வகுத்தால், பழைய தவறு மறுபடியும் வந்து சேர்ந்துவிடும். மாதத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை அழித்துவிட்டு, மாத முடிவில் வாசித்துக் கொள்ளுங்கள்.

தவறைக் கண்டுபிடிப்பது எப்படி?

யாராவது ஒரு சராசரியைச் சொன்னால், அதைச் சோதிக்க இரண்டு வழி உண்டு. முதலாவது, அந்தச் சராசரியை வைத்து மொத்தத் தூரத்துக்கு எத்தனை லிட்டர் என்று போட்டு, ரசீதுகளில் உள்ள மொத்த லிட்டரோடு ஒப்பிடுங்கள். ஒத்து வராவிட்டால் சராசரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஆளை அல்ல. இரண்டாவது, அதே பயணங்களை மற்ற அளவிலும் எழுதிச் சராசரி எடுங்கள். 100-ஐ அந்த விடையால் வகுத்தால் முதல் விடையே வர வேண்டும். ஒன்றில் 15 வந்து மற்றதில் 7.5 வந்தால், 100-ஐ 7.5-ஆல் வகுக்கும்போது 13.3 வருகிறது, 15 வரவில்லை. அப்படியானால் இரண்டில் ஒன்றாவது தவறு என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சமதளத்தில் மட்டும் ஓடும் கார்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். போக 14, வர 16 என்றால், கூட்டிப் பாதியாக்கினால் 15. உண்மைச் சராசரி 14.9. இதற்காக யாரும் மனம் வருந்தப் போவதில்லை. இரண்டு எண்களும் விலக விலகத்தான் வித்தியாசம் பெருகும். மலைப்பாதை, பாரம் ஏற்றிப் போய் வெறுமையாகத் திரும்பும் வேன், நெரிசலும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டம் ஆகியவற்றில்தான் கை கடிக்கும்.

ஆகவே பங்கு பிரிக்கும் நாளன்று, "என் கார் லிட்டருக்கு இத்தனை ஓடும்" என்ற பேச்சை ஒதுக்கி வையுங்கள். மாதத்தில் ஓடிய கிலோமீட்டர் இவ்வளவு, ஊற்றிய லிட்டர் இவ்வளவு என்று நோட்டையும் ரசீதுகளையும் நாலு பேர் முன்னால் வைத்துவிடுங்கள். சராசரி தெரிய வேண்டுமென்றால், கூட வருகிற தம்பியையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.